ஒளு: ஷாஃபி வீட்டிலிருந்து ஹனஃபி வீட்டுக்குப் போனவர் கவனிக்க வேண்டியவை

கேள்வி: ஹஜ்ரத், எங்க உம்மா வீடு ஷாஃபி மத்ஹபு. கல்யாணம் ஆகி வந்த வீடு ஹனஃபி. ஒளு செய்றப்போ தலையில ஈரக்கைய லேசா வெச்சா போதும்னு உம்மா சொல்லிக்கொடுத்தாங்க. இங்க கால்வாசித் தலைய தடவணும்னு மாமி சொல்றாங்க. கணவர் கை பட்டாலும் ஒளு முறியாதுங்கிறாங்க. நாலு மத்ஹபுலயும் ஒளு எப்படி வேறுபடுது?

பதில்: உங்க உம்மா சொன்னதும் சரி, மாமி சொன்னதும் சரி. ஆனா அம்மா, ரெண்டு பேர் சொன்னதுலயும் ஒவ்வொரு பாதிய எடுத்துச் சேர்த்தீங்கன்னா அந்த ஒளு எந்த மத்ஹபுலயும் நிற்காது. அது ஏன்னு புரியணும்னா முதல்ல அடிப்படையைப் பார்ப்போம்.

சூரா மாயிதாவோட 6ஆவது வசனம் நாலு காரியத்தைச் சொல்லுது: முகம் கழுவுறது, முழங்கை வரை கைகளைக் கழுவுறது, தலையை மஸ்ஹு செய்றது, கரண்டை வரை கால்களைக் கழுவுறது. இந்த நாலும் பர்ளுங்கிறதுல நாலு இமாம்களுக்கும் கருத்து வேறுபாடு இல்ல. ஹனஃபியில பர்ளு இந்த நாலோட முடிஞ்சிடுது. ஷாஃபியில நிய்யத்தும் வரிசையும் சேர்ந்து ஆறு. மாலிக்கியில ஏழு: நிய்யத்து, இடைவெளி விடாம செய்றது, உறுப்பைக் கையால தேய்க்கிறது, இந்த மூணும் கூடுது. அதனால குழாய்க்கு நேரா காலை நீட்டி தண்ணி ஓடவிட்டா மட்டும் மாலிக்கிக்குப் போதாது, கையை வெச்சு தடவணும். ஹன்பலியில வரிசையும் இடைவெளி விடாததும் பர்ளு, நிய்யத்து நிபந்தனை. வாயும் மூக்கும் முகத்தைச் சேர்ந்ததுன்னு அவங்க எடுத்துக்கிறதால, வாய் கொப்பளிக்கிறதும் மூக்குக்குத் தண்ணி செலுத்துறதும் அவங்ககிட்ட பர்ளு. மத்த மூணு மத்ஹபுலயும் ஒளுவுக்கு அது சுன்னத்து.

இப்ப தலைக்கு வருவோம். வசனத்துல தலைங்கிற சொல்லுக்கு முன்னாடி "பி"ன்னு ஒரு எழுத்து வருது. அது பகுதியைக் குறிக்குதா, சும்மா இணைப்புக்கு வந்ததா? வேறுபாடு அங்கதான் தொடங்குது. இமாம் ஷாஃபி, மஸ்ஹுன்னு சொல்ற அளவுக்கு எது நடந்தாலும் போதும்னு எடுத்தாங்க. தலையோட எல்லைக்குள்ள இருக்கிற ஒரு முடியில கொஞ்சம் நனைஞ்சாலும் பர்ளு நிறைவேறிடும். ஹனஃபிகள், நபி (ஸல்) அவங்க முன்நெற்றி முடி மேல மஸ்ஹு செஞ்சதா முகீரா (ரலி) சொல்ற ஹதீஸை வெச்சு கால் பாகம்னு அளவு சொன்னாங்க. மாலிக்கியும் ஹன்பலியும் முழுத் தலையும் பர்ளுங்கிறாங்க. ஹன்பலியில காதும் அதோட சேர்த்தி.

இதுல பெண்களுக்கு அடிக்கடி நடக்குற தவறு ரெண்டு. முதல்ல, தொங்குற பின்னல் மேல கையை வெச்சு மஸ்ஹு முடிஞ்சதுன்னு நினைக்கிறது. தலையோட எல்லையைத் தாண்டித் தொங்குற முடியில மட்டும் தடவினா ஷாஃபியிலயும் செல்லாது, ஹனஃபியிலயும் செல்லாது. அடுத்து, முக்காட்டு மேலயே தடவுறது. இந்த ரெண்டு மத்ஹபுலயும் துணி மேல தடவுறது மட்டும் கணக்குல வராது, கையை உள்ளவிட்டு முடியைத் தொடணும். கைகளைக் கழுவின பிறகு தலைக்குன்னு புதுசா தண்ணி எடுத்து, உள்ளங்கையை நனைச்சு, முன்நெற்றி முடி தொடங்குற இடத்துலேருந்து பிடரி வரை கொண்டுபோங்க, திரும்ப முன்னாடி கொண்டுவாங்க. முழுத் தலையைத் தடவுறது உங்க மத்ஹபுலயே சுன்னத்துதான். உம்மா சொன்னது குறைந்தபட்சம், அவ்வளவே.

வரிசை, இடைவெளி இதெல்லாம் எப்ப பிரச்சினையாகும்னு ஒரு உதாரணத்துல பார்ப்போம். ஒருத்தர் முகம் கழுவினார், கை கழுவினார், தலையை மறந்துட்டு காலைக் கழுவிட்டார். செருப்பு போடும்போது ஞாபகம் வருது. ஹனஃபின்னா தலையை மட்டும் தடவினா போதும், ஒளு முழுமையாயிடும். ஷாஃபின்னா தலையைத் தடவிட்டு காலை மறுபடி கழுவணும். தலைக்கு முன்னாடி கழுவின கால் வரிசைப்படி கணக்குல சேரல. கை காய்ஞ்சிருந்தாலும் பரவாயில்ல, முகத்துக்குத் திரும்பப் போக வேண்டியதில்ல. ஹன்பலின்னா கையில ஈரம் இருக்கான்னு பார்க்கணும். இருந்தா தலையும் காலும் செய்யலாம். சாதாரண வெயில் காத்துல காய்ஞ்சுபோற அளவு நேரம் போயிருந்தா ஆரம்பத்துலேருந்து செய்யணும். மாலிக்கியில மறதிக்கு மன்னிப்பு உண்டு. ஞாபகம் வந்த உடனே தலையைத் தடவினா பர்ளு முடிஞ்சது. அதே மாலிக்கியில, வேணும்னே பாதியில விட்டுட்டு போனில் பேசிக்கிட்டு நின்னு உறுப்பு காய்ஞ்சா முழுசா திரும்பச் செய்யணும். ஞாபகமே வராம தொழுதிருந்தா, நாலு மத்ஹபுலயும் அந்தத் தொழுகையை மீட்டணும்.

நிய்யத்துல ஷாஃபிகள் கவனிக்க வேண்டியது நேரம். முகத்துல முதல் பகுதியைக் கழுவும்போது நிய்யத்து மனசுல இருக்கணும். மணிக்கட்டு கழுவும்போது நினைச்சுட்டு, முகத்துக்கு வரும்போது மனசு வேற எங்கயோ போயிருந்தா போதாது. ஹனஃபியில நிய்யத்து சுன்னத்து. மழையில முழுசா நனைஞ்சவருக்குக்கூட ஒளு கூடிடும், நிய்யத்தோட கூலி மட்டும் கிடைக்காது.

இனி கணவர் கை படுற விஷயம். ஷாஃபியில மஹ்ரம் இல்லாத ஆணும் பெண்ணும் தோலோட தோல் பட்டா, ஆசை இல்லாட்டியும் ரெண்டு பேர் ஒளுவும் முறியும். கணவரும் இதுல அடங்குவார். துணி நடுவுல இருந்தா முறியாது. முடி, நகம் பட்டாலும் முறியாது. மாமனார் உங்களுக்கு மஹ்ரம், அவர் கை பட்டா முறியாது. கொழுந்தன் மஹ்ரம் இல்ல. ஹனஃபியில வெறும் தொடுதலால ஒளு முறியாது. மாலிக்கியும் ஹன்பலியும் நடுவுல நிக்கிறாங்க, இன்ப உணர்வோட தொட்டா முறியும்ங்கிறாங்க.

இப்ப நான் முதல்ல சொன்னதுக்கு வர்றேன். உம்மா சொன்னபடி ரெண்டு முடியை மட்டும் நனைச்சு ஒளு செஞ்சீங்க. அப்புறம் கணவர் கை பட்டுது, மாமி சொன்னபடி முறியலன்னு தொழுதீங்க. ஷாஃபிப்படி அந்த ஒளு முறிஞ்சுபோச்சு. ஹனஃபிப்படி கால்வாசித் தலை தடவாததால அது ஒளுவாகவே ஆகல. அப்ப எந்த இமாமோட சொல் மேல நின்னு தொழுதீங்க? இப்படிக் கலக்குறதைத்தான் தல்ஃபீக்குன்னு சொல்லி உலமாக்கள் தடுக்கிறாங்க.

அதனால வரிசை, நிய்யத்து எல்லாம் ஷாஃபிப்படியே வெச்சுக்கங்க, தலையை மட்டும் முழுசா தடவுங்க. அந்த ஒளு ஹனஃபிப்படியும் சரியான ஒளு. வீட்டுல கணவர் கை பட்டா, தண்ணி பக்கத்துல இருக்கும்போது திரும்ப ஒளு செஞ்சிடுங்க. ஹஜ்ஜுல, தவாஃப் கூட்டத்துல அதைத் தவிர்க்கவே முடியாது. அங்க ஷாஃபிகள் ஹனஃபி சட்டத்தைப் பின்பற்றிக்கலாம்னு நம்ம உலமாக்கள் சொல்றாங்க. ஆனா அப்படிப் பின்பற்றும்போது அந்த மத்ஹபுல முறிக்கிறதையும் ஏத்துக்கணும். காயத்துலேருந்து ரத்தம் கசிஞ்சு அந்த இடத்தைத் தாண்டி ஓடினா ஷாஃபியில ஒளு முறியாது, ஹனஃபியில முறிஞ்சிடும். தவாஃப்ல யாரோ மிதிச்சு கால் நகம் பெயர்ந்து ரத்தம் வழிஞ்சா, ஹனஃபிப்படி ஒளுவோட சுத்திக்கிட்டிருக்கிற நீங்க வெளியே வந்து ஒளு செஞ்சுட்டுத்தான் தொடரணும்.