கேமரா அனுமதியை எப்போது கேட்பது?

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருக்கும் இந்த இரண்டு ஃபோன்களிலும் ஒரே செயலிதான் ஓடுகிறது. ரசீதைப் படம் பிடித்தால் தொகையை எடுத்துக் கணக்கில் எழுதும் செலவுக் கணக்குச் செயலி, நான் எழுதியது. இடது கையில் பழைய பதிப்பு. திறக்கிறேன், பாருங்கள். கேமராவுக்கு அனுமதி, தொடர்புகளுக்கு அனுமதி, இருப்பிடத்துக்கு அனுமதி என்று வரிசையாக மூன்று பெட்டிகள் வருகின்றன. செயலி இன்னும் எதையுமே காட்டவில்லை.

தெரிந்தவர்கள் சிலரிடம் இதைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பாலானவர்கள் பெட்டியைப் படிக்கவே இல்லை. வழியை மறிக்கும் பொருளைத் தள்ளுவதுபோல மறுப்பைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். பிறகு அவர்களே ஸ்கேன் பொத்தானைத் தேடி வந்து அழுத்தினார்கள். கறுப்புத் திரைதான் வந்தது. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்த நொடியில் கேட்டிருந்தால் அவர்கள் தயங்காமல் சம்மதித்திருப்பார்கள்.

அதைவிட மோசம், அந்த மறுப்பு எளிதில் மாறாது. ஐபோனில் ஒருமுறை மறுத்துவிட்டால் அந்தப் பெட்டியைச் செயலியால் மறுபடி வரவழைக்க முடியாது. பயனரே அமைப்புகளுக்குள் போய் மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் இரண்டு முறை மறுத்தால் அதே கதிதான். கையில் இருப்பது ஒன்றோ இரண்டோ வாய்ப்பு. அதை வாசலிலேயே செலவழிக்கக் கூடாது.

இப்போது வலது கை, புதிய பதிப்பு. திறந்ததும் செலவுப் பட்டியல் வருகிறது, எந்தக் கேள்வியும் இல்லை. ஸ்கேன் பொத்தானைத் தொடுகிறேன்; இப்போதுதான் கேமரா அனுமதி கேட்கிறது. ஏன் கேட்கிறது என்பதற்கான விடை பயனரின் விரலிலேயே இருக்கிறது. அதனால் முன்கூட்டி விளக்கும் திரை எதையும் நான் வைக்கவில்லை. காரணம் வெளிப்படையாகத் தெரியாத இடத்தில் அப்படி ஒரு திரை உதவும். ஆனால் ஐபோனில் அதற்கு ‘தொடர்க’ என்ற ஒரே பொத்தான் போதும். அது நேராக உண்மையான பெட்டிக்கே கொண்டுபோக வேண்டும் என்பது ஆப்பிளின் வடிவமைப்பு வழிகாட்டல்.

ஐபோன் பெட்டிக்குள் நம் சொந்த வாக்கியம் ஒன்றும் வரும். `NSCameraUsageDescription` என்ற இடத்தில் அதை எழுத வேண்டும். எழுதாமல் கேமராவைத் தொட்டால் செயலி அப்படியே விழுந்துவிடும். முன்பு நான் எழுதியது: ‘இந்தச் செயலிக்குக் கேமரா தேவை.’ இப்போது இருப்பது: ‘ரசீதைப் படம் பிடித்துத் தொகையைத் தானாக நிரப்ப. படம் உங்கள் ஃபோனிலேயே இருக்கும்.’ ஃபோனிலேயே இருக்கும் என்ற வரியை, அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

ஆண்ட்ராய்டு பெட்டியில் நம் வாக்கியத்துக்கு இடமில்லை. முதல் மறுப்புக்குப் பிறகு `shouldShowRequestPermissionRationale` என்ற செயற்கூறு ‘ஆம்’ என்று சொல்லும். அப்போது பயனர் மறுபடி ஸ்கேனைத் தொட்டால் காரணத்தை நம் திரையில் சொல்லிவிட்டுக் கேட்கலாம். இங்கே நான் வழுக்கிய இடம் ஒன்று உண்டு. அது ‘இல்லை’ என்றால் நிரந்தர மறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒருமுறைகூடக் கேட்காதபோதும் அது ‘இல்லை’ என்றுதான் சொல்லும். பின்செல்லும் பொத்தானால் பெட்டியை மூடியவரும் மறுத்தவராகக் கணக்கில் வரமாட்டார், அவருக்கும் ‘இல்லை’தான். அப்படிப்பட்டவர்களையெல்லாம் என் செயலி காரணமே இல்லாமல் அமைப்புகளுக்கு விரட்டிக்கொண்டிருந்தது. இப்போது, ஒருமுறையாவது ‘ஆம்’ வந்ததா என்று குறித்து வைக்கிறேன். அது வந்திருந்து, பிறகு கேட்டும் அனுமதி கிடைக்காமல் ‘இல்லை’ வந்தால் மட்டுமே அமைப்புகளுக்கு வழி காட்டுகிறேன்.

மறுத்தவருக்குக் கறுப்புத் திரை கிடையாது. தொகையைக் கையால் எழுதும் கட்டம் வரும், அதன் கீழே அமைப்புகளுக்கான சிறிய இணைப்பு. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: ஐபோனில் பயனர் அமைப்புகளுக்குப் போய்க் கேமரா அனுமதியை மாற்றினால், பின்னணியில் இருக்கும் நம் செயலியை இயங்குதளம் நிறுத்திவிடும். பாதி எழுதிய கணக்கு போய்விடும். அந்த இணைப்பைத் தொட்டவுடனே வரைவைச் சேமித்துவிடுங்கள்.

மற்ற இரண்டு பெட்டிகள் எங்கே என்று கேட்பீர்கள். தொடர்புகள் எனக்குத் தேவைப்பட்டது, செலவைப் பகிர ஒரு நண்பரைத் தேர்ந்தெடுக்க மட்டும். இரண்டு இயங்குதளங்களிலும் தொடர்பைத் தேர்ந்தெடுக்கும் திரை தயாராகவே இருக்கிறது. பயனர் தொட்ட அந்த ஒருவரின் விவரம் மட்டும் நமக்கு வரும், அனுமதியே வேண்டாம். இருப்பிடத்தைக் கேட்டது கடையின் பெயரை நிரப்ப. கடையின் பெயர் ரசீதின் தலையிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த நிரல் வரிகளை அழித்துவிட்டேன்.