கையொப்பத்தின் கீழே ஓர் அடைப்புக்குறி

வணக்கம் நேயர்களே. தோவாளை முதல் கிள்ளியூர் வரை நம் மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சில கடிதங்களைப் பார்த்தால், கையொப்பத்தின் கீழே பதவியின் பெயரை அடுத்து, அடைப்புக்குறிக்குள் ‘பொ’ என்ற ஓர் எழுத்து இருக்கும். அப்படிக் கையொப்பமிட்டுக்கொண்டே பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் நடத்திய ஆசிரியை நான். பொறுப்புத் தலைமையாசிரியராக இருப்பவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தலைமையாசிரியர் மாறுதலில் சென்றதும், பி.டி. எனப்படும் பட்டதாரி ஆசிரியர்களில் பணியில் மூத்தவருக்குப் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். “டீச்சர், நீங்கதான் சீனியர், கொஞ்ச நாள் பாத்துக்கிடுங்க” என்பார்கள். இந்த வாய்மொழியை நம்பி நாற்காலியில் அமர்ந்துவிடக் கூடாது. எந்தத் தேதியிலிருந்து பொறுப்பு, முழுக் கூடுதல் பொறுப்பா அல்லது அன்றாட அலுவல்களை மட்டும் கவனிப்பதா, சம்பளப் பட்டியலில் கையொப்பமிடும் அதிகாரம் உண்டா ஆகிய மூன்றும் எழுத்தில் வர வேண்டும். மூன்றாவது வராவிட்டால் பட்டியல் கருவூலத்துக்குப் போகாது. மாதக் கடைசியில் ஊதியம் வராதபோது, உங்களைத் தலைமையாசிரியராக ஏற்க மறுத்தவர்களே முதலில் உங்கள் மேசைக்கு வந்து நிற்பார்கள். ஆகவே பொறுப்பேற்ற வாரத்திலேயே அந்த அதிகாரத்தைக் கேட்டு, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிவிட வேண்டும்.

எதிர்ப்பு எப்படி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். “முடியாது” என்று யாரும் நேரடியாகச் சொல்வதில்லை. “பழைய சார் இதெல்லாம் கேட்டதில்லையே” என்பார்கள். விடுப்புக் கடிதத்துக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவார்கள்.

எங்கள் பள்ளியில் அது பதிலி வகுப்பில் வெடித்தது. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் மூன்று ஆசிரியர்கள் வரவில்லை. யார் யார் எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் எழுதி அனுப்பினேன். என்னோடு ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்த சக ஆசிரியர் ஒருவர் கையொப்பமிடாமல் நோட்டைத் திருப்பியனுப்பி, “நீங்களும் எங்களைப் போல பி.டி. தானே டீச்சர், எனக்கு மட்டும் ஏன் எப்பவும் கடைசிப் பீரியட்?” என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்கும்படி சொன்னார். அந்தக் கேள்வியின் முதல் பாதி என் அதிகாரத்தைப் பற்றியது. இரண்டாம் பாதி நியாயத்தைப் பற்றியது. முதல் பாதிக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் வாக்குவாதம்தான் மிஞ்சும் என்பதால், இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அன்று அந்த வகுப்புக்கு நானே போனேன். மாலையில் பழைய பதிவுகளைப் பிரித்து, யாருக்கு எத்தனை பதிலி வகுப்புகள் விழுந்திருக்கின்றன, அவற்றில் கடைசிப் பாடவேளை எத்தனை என்று ஒரு தாளில் எழுதினேன். அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. மறுநாள் சுழற்சி முறை ஒன்றை வகுத்து, என் பெயரையும் அதில் சேர்த்து, சுற்றறிக்கைப் பதிவேட்டில் எழுதி அனைவரிடமும் கையொப்பம் வாங்கினேன். முதலில் கையொப்பமிட்டவர் அவரே. அதன்பின் நோட்டை அனுப்பியபோது அது என் விருப்பமாகத் தெரியாமல், எல்லோரும் ஒப்புக்கொண்ட வரிசையாகவே தெரிந்தது.

இதை மறுபடியும் சொல்கிறேன்: வாய்மொழி உத்தரவை மறுப்பது எளிது, தாம் கையொப்பமிட்ட வரிசையை மறுப்பது கடினம். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. சுழற்சி வந்த பிறகும் ஒருவர் வகுப்புக்குப் போகவில்லையென்றால், நாள், பாடவேளை, வகுப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேட்கலாம். பதில் திருப்தி தராவிட்டால் இரண்டையும் சேர்த்து மேலதிகாரிக்கு அனுப்பலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வழங்குவது அதற்கென விதிகளில் குறிப்பிடப்பட்ட அலுவலரின் வேலை. “மெமோ கொடுத்துவிடுவேன்” என்று பொறுப்பில் இருப்பவர் மிரட்டினால், அது முடியாது என்பது எதிரில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

நேரம் முடியப் போவதாகச் சைகை காட்டுகிறார்கள். கூடுதல் படியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அடிப்படை விதி 49-இன் கீழ் அதைக் கோர நினைப்பவருக்கும் முதலில் வேண்டியது, நான் தொடக்கத்தில் சொன்ன அந்த எழுத்து மூலமான ஆணைதான். கடைசியாக ஒன்று: புதிய தலைமையாசிரியர் வந்ததும் அவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, ரொக்கப் பதிவேட்டின் இருப்பு, காசோலைப் புத்தகத்தின் கடைசி எண், இருப்புப் பதிவேடு ஆகியவற்றை இருவரும் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பட்டியலின் ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்; தணிக்கைத் தடை பல ஆண்டுகள் கழித்தும் உங்கள் பெயருக்கே வரும். வணக்கம்.