லாபம் இருக்கிறது, பணம் எங்கே?

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. சி.என்.சி. இயந்திரங்கள் மூன்று, ஆட்கள் பதினான்கு பேர். பம்புகளுக்கு வேண்டிய ஷாஃப்ட், புஷ் போன்ற உதிரிகளைக் கடைந்து கொடுக்கிறோம். தனியார் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தபோது வெளியாரிடம் பணம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அண்ணன், சித்தப்பா, மைத்துனர், மல்லேஸ்வரத்தில் இருக்கும் சின்ன அத்தை ஆகியோர் என்னோடு சேர்ந்து பங்குப் பணம் போட்டார்கள். மொத்த மூலதனம் 40 லட்சம் ரூபாய். அவர்களுக்கு ஒவ்வொரு ஜூன் மாதமும் நான் ஒரு கடிதம் எழுதுகிறேன். அதில் ஓர் ஆண்டுக் கடிதத்தைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அந்த ஆண்டு விற்பனை 240 லட்சத்திலிருந்து 290 லட்சமாக உயர்ந்தது. வரி போக லாபம் 18 லட்சம். ஆனால் ஆண்டின் தொடக்கத்தில் வங்கியில் இருந்த 19 லட்சம், மார்ச் 31 அன்று 5 லட்சமாக இறங்கியிருந்தது. முதல் ஆண்டுகளில் நான் ஆடிட்டர் தந்த லாப நட்டக் கணக்கை அப்படியே நகலெடுத்து அனுப்பிவிடுவேன். ஒருமுறை அத்தை தொலைபேசியில் கேட்டார்: "லாபம் வந்தது என்கிறாய், பங்காதாயம் கேட்டால் பணம் இல்லை என்கிறாய். இரண்டில் எதை நான் நம்ப வேண்டும்?" இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டையும் இணைக்கும் பாதையை நான் அவருக்குக் காட்டியதில்லை. அதன்பின் அந்தப் பாதையைத்தான் கடிதத்தின் முதல் பக்கத்தில் எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். லாபம் 18 லட்சம். அதைக் கணக்கிடும்போது இயந்திரத் தேய்மானமாக 9 லட்சத்தைக் கழித்திருந்தோம். அது கையை விட்டுப் போன பணம் அல்ல, ஆகவே திரும்பச் சேர்க்கிறோம், 27 ஆகிறது. வங்கிக் கடனில் அசலாகக் கட்டியது 6 லட்சம். இது லாபக் கணக்கில் தலைகாட்டாது, ஆனால் பணம் போய்விட்டது. இரும்புக் கம்பியும் பித்தளையும் கூடுதலாக வாங்கிக் கிடங்கில் வைத்ததில் 4 லட்சம். மிச்சம் 17 லட்சம் வங்கியில் ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் 14 லட்சம் இறங்கியது. இடையில் காணாமல் போனது 31 லட்சம்.

அந்த 31 லட்சமும் வாடிக்கையாளர்களிடம் இருந்தது. அவர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 46 லட்சத்திலிருந்து 77 லட்சமாகிவிட்டது. "விற்பனை கூடினால் பாக்கியும் கூடத்தானே செய்யும்" என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கும் ஆசைதான். அது பாதி உண்மை. பாதி உண்மைதான் குடும்பத்தில் பெரிய சண்டையாக முளைக்கிறது.

ஆகவே பாக்கியை நாட்களாக மாற்றிப் பார்த்தேன். இதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. பாக்கித் தொகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கும், விற்பனைத் தொகையில் சேர்ந்திருக்காது. அப்படியே வகுத்தால் நாட்கள் கூடிக் காட்டும். விற்பனையிலும் வரியைச் சேர்த்து வகுத்தபோது, முந்தைய ஆண்டில் சராசரியாக 59 நாட்களில் வந்த பணம் இந்த ஆண்டில் 82 நாட்கள் எடுத்துக்கொண்டது தெரிந்தது. பழையபடி 59 நாட்களில் வந்திருந்தால் பாக்கி சுமார் 55 லட்சமாக இருந்திருக்கும். அதாவது, கூடிய 31 லட்சத்தில் வியாபாரம் வளர்ந்ததால் வந்தது 9 லட்சம் மட்டுமே. மற்ற 22 லட்சமும் தாமதம். வளர்ச்சிக்கு நான் பெருமைப்படலாம். தாமதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தாமதத்துக்குக் காரணம் ஒரே வாடிக்கையாளர். பெயர் வேண்டாம். விற்பனையில் ஏறக்குறைய பாதி அவர்களுக்குப் போகிறது. கூடுதல் ஆர்டரும் அவர்களுடையதுதான். அதை வாங்கும் ஆர்வத்தில் பணம் தரும் கெடுவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இது என் தவறு என்று கடிதத்தில் அந்தச் சொல்லாலேயே எழுதினேன். இதில் இன்னொரு வலி: பில் போட்டவுடன் அதற்குரிய ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டியாக வேண்டும். அவர்கள் தருவது மூன்று மாதம் கழித்து. அவர்களுடைய வரியையும் நம் பையிலிருந்து முன்கூட்டிக் கட்டுகிறோம்.

77 லட்சத்தையும் வயதுவாரியாகப் பிரித்துக் காட்டினேன்: 45 நாட்களுக்குள் 38, அதற்கு மேல் 90 நாள் வரை 24, 90 நாளைத் தாண்டியது 15. அந்த 15-ல் 3 லட்சம் தகராறில் இருக்கிறது. அளவு பிசகியது என்று புஷ்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அது வராவிட்டால் 18 லட்சம் லாபத்திலும் துண்டு விழும். அதையும் எழுதினேன்.

சட்டம் இல்லையா என்று மைத்துனர் கேட்டார். இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாட்களில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரியிலும் ஒரு கடிவாளம் வந்தது: கெடு தாண்டினால், உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். புகார் கொடுக்கத் தனி மன்றமும் உண்டு. ஆனால் பாதி வியாபாரம் தருபவர் மேல் புகார் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் ஆர்டர் கேட்டு யார் போய் நிற்பது? நான் புகார் கொடுக்கவில்லை. வரிச் சங்கதியை அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு மரியாதையாக ஒரு கடிதமாக எழுதினேன். அது ஓரளவு வேலை செய்தது, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மட்டும்.

அத்தை வேறு வழி சொன்னார்: "பத்து லட்சம் கடனாகத் தருகிறேன், வட்டி பிறகு பார்த்துக்கொள்ளலாம்." அன்புதான். ஆனால் கம்பெனிச் சட்டத்தின் 'உறவினர்' பட்டியலில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள், மருமக்கள், உடன்பிறந்தவர் இருக்கிறார்கள், அத்தை இல்லை! இயக்குநரின் அண்ணன், இது கடன் வாங்கிய பணம் அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குக் கடன் தரலாம். அத்தை தந்தால் அது பங்குதாரரிடம் வாங்கிய டெபாசிட் ஆகிவிடும். அதற்கு வரம்பும் விதிகளும் தனி. தவிர, 22 லட்சம் தாமதத்தை அத்தையின் சேமிப்பால் அடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்த ஆண்டுத் திட்டம் ஒரு பக்கத்துக்கும் குறைவு. நான்காவது இயந்திரம் இப்போதைக்கு வாங்குவதில்லை. அந்த வாடிக்கையாளரிடம் புதிய ஆர்டர் எடுத்தால் 45 நாள் கெடு எழுத்தில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் எடுப்பதில்லை, விற்பனை குறைந்தாலும் சரி. மூன்றாவதாக, பங்காதாயம். "பார்க்கலாம்" என்று எழுதினால் அது திட்டமாகாது. ஆகவே, ஆகஸ்ட் 31 அன்று பாக்கி 60 லட்சத்துக்குள் வந்திருந்தால், செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் 10 சதவீதம், அதாவது 4 லட்சம் தரப் பரிந்துரைப்பேன். வராவிட்டால் இல்லை என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 31 அன்று பாக்கி 63 லட்சம். தகராறில் உள்ள 3 லட்சத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் சரியாக 60 என்று மைத்துனர் வாதாடினார். எனக்கும் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிதத்தின் கடைசிப் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். "தள்ளிவிட்டு என்று இதில் எழுதவில்லையே" என்றார்.

அந்த ஆண்டு பங்காதாயம் தரவில்லை.