விசேஷம் ஏதும் உண்டா?

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து 22 வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். வயது 48. கல்யாணமாகி 21 வருஷம் ஆகிறது. எங்களுக்குக் குழந்தை இல்லை. பிறக்காமல் போனதல்ல, வேண்டாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்தது.

இந்த 21 வருஷத்தில் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் மூன்று மாதம், "விசேஷம் ஏதும் உண்டா?" ஒரு வருஷம் போனதும், "டாக்டரைப் பாத்தீங்களா?" மூன்றாம் வருஷம் குரல் தணியும். "யாருக்குக் குறை?" என்று காதோடு கேட்பார்கள். ஏழெட்டு வருஷத்தில், "ஒண்ணைத் தத்து எடுத்துக்கலாமே" என்பார்கள். இதில் டாக்டர் கேள்வி என் வீட்டுக்காரரிடம் வந்தது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் எனக்குத்தான்.

பக்கத்து வீட்டு மாமி ஒருமுறை திருக்கருகாவூர் போய்வந்து, கர்ப்பரட்சாம்பிகை சந்நிதி நெய்யைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். "48 நாள், ராத்திரி ராத்திரி ரெண்டு பேரும் சாப்பிடணும்" என்றார். வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போய் வந்திருக்கிறார். அவரிடம் போய் என்ன சொல்வது? வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் நாங்கள் காரணம் சொல்லிப் பார்த்தோம். அதுதான் பெரிய தப்பு. பணம் போதாது என்றால், "நாங்க இல்லையா?" என்பார்கள். வேலை என்றால், "அம்மா வந்து ஆறு மாசம் இருப்பா". காரணம் எதுவானாலும் அதைத் தீர்த்துவைக்க ஒரு சித்தி, ஒரு பெரியப்பா கிளம்பி வந்துவிடுவார்கள். பிறகுதான் "எங்களுக்கு வேண்டாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளப் பழகினோம். இப்போது உங்களுக்கும் காரணம் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்த ஒரு வார்த்தை கேட்டவர்களைக் கலங்கடித்துவிடும். "இல்லை" என்றால் நம் ஊரில் இரக்கம் கிடைக்கும். "வேண்டாம்" என்றால் கோபம் வரும். என் நாத்தனார் பெண் வளைகாப்பில் அதைப் பார்த்தேன். வளையல் அடுக்க நான் எழுந்தபோது, உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் ஒன்றும் பேசாமல் சந்தனக் கிண்ணத்தை எடுத்துத் தன் மடிப்பக்கம் வைத்துக்கொண்டார். நான் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்தான், தாய்மாமன் சம்சாரத்தை விடக் கூடாது என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். பெரியம்மாவுக்கு நான் "பாவம்" ஆக இருந்தவரை அதே கிண்ணத்தை என் கையில் கொடுத்தவர்தான். நாங்களாக வேண்டாம் என்றிருக்கிறோம் என்று தெரிந்த பிறகு நடந்தது இது. குழந்தைக்காக வருஷக்கணக்கில் ஏங்குகிறவர்களிடமும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

நம் மொழியையும் கவனித்தேன். குழந்தைப் பேறு, மக்கட்பேறு என்கிறோம். பேறு என்றால் கிடைத்த பாக்கியம். கிடைக்காதவளுக்கு ஒரு கொடுமையான வார்த்தை வைத்திருக்கிறோம். வேண்டாம் என்றவளுக்கு வார்த்தையே கிடையாது. "பதினாறும் பெற்று" என்று வாழ்த்துகிறவர்கள்கூட அது பதினாறு பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்வி, புகழ், நெல், பொன் என்று போகிற அந்தப் பட்டியலில் நன்மக்கள் என்பது ஒன்றுதான். பாக்கி பதினைந்தைப் பற்றி எங்களிடம் யாரும் விசாரித்ததில்லை.

நாற்பதைத் தாண்டியதும் கேள்வி மாறியது. "கடைசி காலத்துல யார் பாத்துப்பா? உங்களுக்கு அப்புறம் இதெல்லாம் யாருக்கு?" மற்ற கேள்விகளைத் தள்ளிவிடலாம். இதைத் தள்ள முடியாது. என் தொழிலே இதுதான்.

எங்கள் கடைக்கு வந்த ஒரு விஷயம் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம். குழந்தையில்லாத ஒரு டீச்சர் அம்மா. தன் சம்பளத்தில் கட்டிய வீடு. கணவர் முன்னாலேயே காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் கூட இருந்து பார்த்துக்கொண்டது டீச்சர் அம்மாவின் சொந்தத் தங்கை. ஆஸ்பத்திரி, மாத்திரை, கடைசியில் படுக்கையில் எல்லாமே செய்தது அவர்தான். டீச்சர் அம்மா உயில் எழுதவில்லை. "தங்கச்சிக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியுமே" என்பாராம். காரியம் முடிந்த மாதமே கணவருடைய தம்பி வந்து வீட்டைக் கேட்டார். சட்டப்படி அவர் கேட்டதுதான் சரி.

1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவு. உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவருடைய வாரிசுகளுக்கு. பெற்ற தாய் தகப்பன் அதற்கும் பின்னால்தான். கூடப்பிறந்தவர்கள் அதற்கும் கீழே. தாய்வீட்டிலிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும் அப்பா வழிக்குத் திரும்பும். 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், கல்யாணமான சில மாதத்தில் விதவையாகி, புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்ட பெண் ஒருவர், தாய்வீட்டில் இருந்து படித்துச் சம்பாதித்த சொத்துகூடக் கணவர் பக்கத்துக்கே போனது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் சட்டம் வேறு. அவர்கள் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பாங்கில் நாமினி போட்டிருக்கிறோமே என்பார்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்துக்கொள்கிறவர்தான், உரிமையாளர் இல்லை. வாரிசு வந்து கேட்டால் கொடுக்க வேண்டும்.

உயில் எழுதப் பெரிய செலவு கிடையாது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. செய்தால் பின்னால் தகராறு குறையும். எழுதியவர் போடும் கையெழுத்தைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், அது கட்டாயம். சொத்து யாருக்குப் போகிறதோ அவரைச் சாட்சியாகப் போட நான் விடுவதில்லை. தம்பதிகள் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. "என் மனைவிக்கு", "என் கணவருக்கு" என்று எழுதி அதோடு நிறுத்திவிடுவது. அவர் முன்னால் போய்விட்டால் அந்த உயிலில் ஒன்றுமே மிஞ்சாது. "அவர் உயிரோடு இல்லாவிட்டால் இன்னாருக்கு" என்று அடுத்த வரியும் வேண்டும்.

பார்த்துக்கொள்வது வேறு கேள்வி. அதற்கும் 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 60 தாண்டிய, குழந்தையில்லாதவர், தன் சொத்தை வைத்திருக்கும் அல்லது நாளை அடையப்போகும் உறவினரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். சொத்து இல்லாதவருக்கு இந்த வழி உதவாது. தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி கொடுக்க எந்தச் சட்டத்தாலும் ஆளை வரவழைக்க முடியாது. அதற்கு நாங்கள் மாதாமாதம் ஒரு தொகை தனியாகப் போட்டுவருகிறோம். போதுமா என்பது அப்போதுதான் தெரியும்.

ஊருக்கெல்லாம் எழுதிய நான் எங்கள் இரண்டு உயில்களையும் எழுதியது 2019-இல்தான். உயிலில் வழக்கமாக ஒரு வரி வரும். "எங்களுக்குச் சந்தான பாக்கியம் இல்லாத காரணத்தால்" என்று. கை தானாக அதை எழுதிவிட்டது. அடித்துவிட்டு, "எங்களுக்கு மக்கள் இல்லை" என்று எழுதினேன்.

சாட்சிக்கு நெய் கொண்டுவந்த மாமியைத்தான் கூப்பிட்டேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடும் முன் முழுசாகப் படித்தார். அந்த வரியில் விரலை வைத்தார். "ஆண்டவன் குடுக்கலைன்னு போட்டிருக்கலாமேடி" என்றார்.

"அவர் குடுத்திருப்பார் மாமி, நாங்கதான் கேக்கலை" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, தன் பெயரைத் தமிழில், இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாக எழுதினார்.

வணக்கம்.