தக்காளி: மண்டியா, குழுவா, வீடுகளா? ஒரு பறிப்பின் கணக்கு

கேள்வி: "அக்கா, தக்காளி போட்டிருக்கிறேன். மூன்று நாளைக்கு ஒரு பறிப்பு, ஒவ்வொரு பறிப்புக்கும் 400 கிலோ வருகிறது. மண்டியில் கமிஷன் போக கையில் ஒன்றும் நிற்பதில்லை. உற்பத்தியாளர் குழுவில் கொடுத்தால் பாதியைத் திருப்பி அனுப்புகிறார்கள். பேசாமல் எல்லாவற்றையும் வீடுகளுக்கே நேராகக் கொடுத்துவிடலாமா?"

தம்பி, முதலில் ஒரு விஷயத்தைச் சரி செய்துகொள்வோம். நாம் எல்லோரும் விற்ற கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது என்றுதான் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது பறித்த கிலோவுக்குக் கையில் என்ன நின்றது என்பது. செடியிலிருந்து 400 கிலோ இறங்கினால், உடைந்தது, பொடி, வெடித்தது எல்லாம் சேர்த்து அந்த 400 கிலோவுக்கும்தான் கணக்கு. இதை மட்டும் மாற்றிப் பாருங்கள், மூன்று வழிகளும் வேறு மாதிரி தெரியும்.

விலை ஊருக்கு ஊர் வேறு, நாளுக்கு நாள் வேறு. அதனால் அன்றைய மண்டி விலையைக் கிலோவுக்கு 100 என்று வைத்துக்கொள்வோம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும். நான் சொல்லும் எண்களை எடுத்துவிட்டு உங்கள் சீட்டில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள்.

மண்டியை எடுத்துக்கொள்வோம். 20 கிலோ கிரேட்டுக்கு 1 கிலோ கழிவு எடை கழிக்கிறார்கள் என்றால் 100 என்பது 95 ஆகிவிடுகிறது. அதில் பத்து சதவீதம் கமிஷன் என்றால் 9.5 போகும். வண்டி வாடகை கிலோவுக்கு 8, ஏற்று இறக்குக் கூலி 2.5 என்று வைத்தால் கையில் நிற்பது 75. குறைவுதான், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே எதுவும் திரும்பி வருவதில்லை. நல்லதும் சுமாரானதும் சேர்ந்த 400 கிலோவும் அன்றைக்கே போய்விடுகிறது. அதனால் பறித்த கிலோவுக்கும் 75தான். மற்ற இரண்டு வழிகளும் இந்த 75ஐத் தாண்டினால்தான் அவற்றுக்கு அர்த்தம்.

குழுவுக்கு வருகிறேன். குழு 105 தருகிறது, கிரேட், போக்குவரத்து, சேவைக் கட்டணம் என்று 10 பிடித்துக்கொள்கிறது என்று வைப்போம். கையில் 95. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்கள் எடுப்பது தரம் பிரித்த காய் மட்டும். உங்கள் 400 கிலோவில் 280 கிலோவை எடுத்துக்கொண்டு 120 கிலோவைத் திருப்பிவிட்டால், அந்த 120 கிலோ மண்டிக்குத்தான் போகும். கழித்துப்போட்ட காய் என்று அங்கே பார்த்ததுமே தெரிந்துவிடும், 100 கிடைக்காது, 60 கிடைத்தால் பெரிது. கழிவு எடை, கமிஷன், வாடகை, கூலி எல்லாம் போக அதில் நிற்பது 41 மாதிரி. இரண்டையும் கூட்டி 400ஆல் வகுத்தால் பறித்த கிலோவுக்கு ஏறக்குறைய 79. மண்டியைவிட வெறும் 4 அதிகம். அதே குழு 220 கிலோதான் எடுத்தது என்றால் கணக்கு 71க்கு இறங்கிவிடும், அதாவது மண்டியைவிட நஷ்டம். இந்த எண்களில் எல்லைக்கோடு 63 சதவீதம். 100 கிலோவில் 63 கிலோவுக்கு மேல் எடுத்தால் குழு லாபம், குறைந்தால் மண்டி லாபம். பாதியைத் திருப்புகிறார்கள் என்று நீங்கள் சொன்னதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அப்படியானால் குழுவை விட்டுவிடலாமா என்றால், அவசரப்பட வேண்டாம். எங்கே திருப்புகிறார்கள் என்று பாருங்கள். சேகரிப்பு இடத்தில் உங்கள் கண்முன் தரம் பிரிக்கிறார்களா, இல்லை காய் வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்த பிறகு சாயங்காலம் போனில் "இவ்வளவு கழிந்தது" என்று சொல்கிறார்களா? முதலாவது என்றால் நீங்கள் திருத்திக்கொள்ள முடியும். அளவு, காம்பு, வெடிப்பு என்று எதில் கழிகிறது என்பதை மூன்று பறிப்புக்குத் தொடர்ந்து குறித்து வையுங்கள். பெரும்பாலும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். வெடிப்பு என்றால் காய விட்டு ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்களா என்று பாருங்கள். கசங்கல் என்றால் பறிக்கும் ஆட்கள் கிரேட்டை விளிம்புக்கு மேல் குவிக்கிறார்களா, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும்போது மேல் கிரேட் காயின் மேல் உட்காருகிறதா என்று பாருங்கள். கழிவு 30 சதவீதத்துக்குக் கீழே வந்தால் குழு உங்களுக்குக் கட்டும். தரம் பிரிப்பது உங்கள் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது என்றால், கழிந்தது யார் கணக்கு என்பதைக் குழுக் கூட்டத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, நீங்கள் அங்கே உறுப்பினர்.

இதில் நம் பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மண்டியில் திடீரென்று விலை ஏறும் நாளில் உறுப்பினர்கள் குழுவுக்குச் சொன்ன காயை மண்டிக்குத் திருப்பிவிடுகிறோம். குழு வாங்குபவரிடம் ஒப்புக்கொண்ட எடையைக் கொடுக்க முடியாமல் நிற்கும். இரண்டு தடவை அப்படி நடந்தால் வாங்குபவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார், அப்புறம் விலை விழும் நாளில் குழுவிடம் ஆளே இருக்காது. அதனால் 400 கிலோவையும் குழுவுக்கு என்று சொல்லாதீர்கள். 150 கிலோ என்று சொல்லுங்கள், விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த 150ஐக் கொடுங்கள்.

இப்போது வீடுகள். ஒரு குடும்பம் வாரத்துக்கு எவ்வளவு தக்காளி வாங்கும்? 2 கிலோ என்று வைப்போம், அதுவே தாராளம். உங்களுக்கு வாரத்தில் இரண்டு பறிப்பு, 800 கிலோ. எல்லாவற்றையும் வீடுகளுக்கே கொடுக்க வேண்டுமானால் 400 வீடு வேண்டும், அதுவும் கழிவே இல்லாத மாதிரி. அதனால் எல்லாவற்றையும் என்ற பேச்சை விட்டுவிடுவோம். 40 வீடு பிடிக்க முடியும் என்று வைத்துப் பார்ப்போம்.

40 வீடு, வாரத்துக்கு 80 கிலோ, விலை 150. வரவு 12,000. பிரித்து, எடை போட்டு, பையில் கட்டி, வீடு வீடாகக் கொடுத்து வர ஒரு ஆளுக்கு ஒரு முழு நாள் ஆகும். அந்த ஆள் நீங்களே என்றாலும் கூலி போடுங்கள், தம்பி, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். கூலி 3,000, எரிபொருள் 600, பை 400 என்றால் மிச்சம் 8,000. கிலோவுக்கு 100 நிற்கிறது. மண்டியின் 75க்கு இது நன்றாகவே மேல். ஆனால் அதே வழியில் 20 வீடுதான் என்றால் நிலைமை வேறு. அரை நாளில் முடிந்துவிடாது, போகிற தூரம் அதேதான். கூலி 2,000, எரிபொருள் அதே 600, பை 200 போக 6,000த்தில் 3,200 மிஞ்சும், அதாவது கிலோவுக்கு 80. இவ்வளவு அலைந்து 5 கூடுதல். ஆகவே விலையைவிட வீடுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான் முக்கியம். ஒரே தெருவில் பதினைந்து வீடு கிடைப்பது, ஊர் முழுக்க சிதறிய நாற்பது வீட்டைவிட நல்லது.

இன்னொரு ஓட்டை இருக்கிறது, நான் இரண்டு பருவம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். வீட்டுக்காரர்களுக்கு என்று நல்ல காயாகப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை மண்டிக்கு அனுப்பினேன். மண்டியில் குவியலின் முகத்தைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். நல்லது போன குவியல் மங்கலாகத் தெரிந்தது, விலை 100க்குப் பதில் 96 ஆனது. நாலுதானே என்று தோன்றும். மிச்சம் 320 கிலோவுக்கும் அது விழுந்தால் கையில் 1,100 குறையும். வீடுகளில் கூடுதலாகக் கிடைத்த 2,000த்தில் பாதிக்கு மேல் அப்படியே போய்விட்டது.

அதற்கு வழி, இரண்டு இடத்துக்கும் ஒரே பழத்தை அனுப்பாமல் இருப்பது. மண்டிக்கும் குழுவுக்கும் வேண்டியது செங்காய், அடிப்பகுதியில் நிறம் திரும்பி இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கிய பருவம். அது கெட்டியாக இருக்கும், வண்டியில் தாங்கும், விற்பவர் கையில் இரண்டு மூன்று நாளில் பழுக்கும். செடியிலேயே முழுக்கச் சிவந்த பழத்தை மண்டிக்கு ஏற்றினால் அடிக் கிரேட்டில் நசுங்கிச் சாறு வழியும், அந்தச் சாறு பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும், பார்த்ததும் விலையைக் குறைப்பார்கள். வீட்டுக்காரருக்கோ அந்தப் பழுத்த பழம்தான் வேண்டும், இன்றைக்கோ நாளைக்கோ சமைக்கப் போகிறார். ஆக மண்டியில் விலை குறைக்கும் பழத்துக்குத்தான் வீட்டில் 150 கிடைக்கிறது. கொடுக்கும் நாளுக்கு முந்தின பறிப்பில் 40 வீட்டுக்கு வேண்டிய அளவு செங்காயைச் செடியிலேயே விட்டுவையுங்கள், அந்த வரிசைக்கு ஒரு அடையாளத் துணி கட்டுங்கள். கொடுக்கும் நாள் காலையில் வெயில் ஏறும் முன் அதை மட்டும் தனியாகப் பறித்து, பெரிய கிரேட்டில் கொட்டாமல் ஆழம் குறைந்த தட்டில் ஒரே அடுக்காக வையுங்கள். மழை வரும் போலிருந்தால் மட்டும் விட்டுவைக்காதீர்கள், பழுத்தது வெடித்துவிடும்.

வீட்டு விலையைப் பருவத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மண்டி 200 போனாலும் 150தான், மண்டி 60க்கு விழுந்தாலும் 150தான் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். 60க்கு விழும் வாரத்தில் சிலர் நின்றுவிடுவார்கள், அதைத் தடுக்க முடியாது. வெறும் தக்காளி மட்டும் கொண்டுபோனால் சீக்கிரம் நிற்பார்கள். பக்கத்து நிலத்துக்காரரிடமிருந்து கீரையோ வெண்டைக்காயோ வாங்கிச் சேர்த்துக் கொடுத்தால் ஒரே பயணத்தில் ஒவ்வொரு வீட்டின் வரவும் கூடும், கூலியும் எரிபொருளும் கூடாது.

அடுத்த மூன்று பறிப்புக்கு ஒரு நோட்டு போடுங்கள். பறித்த எடை, எந்த வழியில் எவ்வளவு போனது, திரும்பியது எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, பணம் எத்தனை நாள் கழித்து வந்தது, இவ்வளவு போதும். மண்டிக்கு ஏற்றும் முன் நம் தராசில் நான்கு கிரேட் மட்டும் எடை போட்டு எழுதி வைத்து, சீட்டு வந்ததும் ஒப்பிடுங்கள். சொன்ன கழிவைவிட அதிகம் கழிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.