மீண்டும் நிரம்பிய காப்புத்தொகை அதே நோய்க்குக் கிடைக்குமா?

வணக்கம். மருத்துவக் காப்பீட்டில் ‘ரெஸ்டோரேஷன்’ என்ற வசதி இருந்தால், க்ளைமில் தீர்ந்துபோன காப்புத்தொகை அந்த ஆண்டிலேயே மறுபடியும் நிரம்பும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிரம்பிய அந்தத் தொகையை எந்த நோய்க்குப் பயன்படுத்த முடியாது என்பதைத்தான் இன்றைய காணொளியில் பார்க்கப் போகிறோம்.

கணவன், மனைவி, மகள் மூவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் கணவருக்கு மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டிக்கு 4,20,000 ரூபாய் க்ளைம் ஆகிறது. மீதம் 80,000 ரூபாய். செப்டம்பரில் அவருக்கே பைபாஸ் அறுவை சிகிச்சை தேவைப்பட்டு, 3,50,000 ரூபாய்க்குப் பில் வருகிறது. பாலிசியில் ‘தொடர்பில்லாத நோய்க்கு மட்டும்’ என்ற நிபந்தனை இருந்தால், நிறுவனம் அந்த 80,000 ரூபாயை மட்டுமே தரும். காப்புத்தொகை மறுபடியும் 5 லட்சமாக நிரம்பினாலும், இரண்டு சிகிச்சைகளும் ஒரே இதயநோய்க்கானவை என்பதால், மிச்சமுள்ள 2,70,000 ரூபாயைக் குடும்பம்தான் கட்ட வேண்டும். நவம்பரில் அவரே கீழே விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டால், அதற்கு நிரம்பிய தொகை கிடைக்கும். மனைவிக்கோ மகளுக்கோ சிகிச்சை தேவைப்பட்டாலும் பொதுவாகக் கிடைக்கும்.

நோயின் பெயர் வேறாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நிபந்தனையில் உள்ள சொல் ‘தொடர்பில்லாத’ என்பது. சர்க்கரை நோயால் வந்த கால்புண்ணுக்கு முதலில் க்ளைம் செய்தவர், பிறகு அதே சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகிச் சேர்ந்தால், அதையும் தொடர்புடையதாகவே நிறுவனம் வாதிட இடமிருக்கிறது. அப்போது முதலில் புரட்டப்படுவது டிஸ்சார்ஜ் சம்மரிதான். ஆகவே அதில் நோய்க்காரணம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே படித்துப் பாருங்கள். பிறகு திருத்தி வாங்குவது பெரும்பாடு.

அதே நோய்க்கும் அனுமதிக்கும் பாலிசிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. நம் உதாரணத்தில் அத்தகைய பாலிசி இருந்திருந்தால், அந்த 2,70,000 ரூபாயும் நிரம்பிய தொகையிலிருந்து வந்திருக்கும். ஆனால் அவற்றிலும் 45 நாள் இடைவெளியைக் கேட்பவை உண்டு. கடைசியாக மருத்துவரைப் பார்த்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் நோய் திரும்பினால், அதை ஒரே நோயின் தொடர்ச்சியாகக் கொள்வதுதான் இந்தியப் பாலிசிகளில் உள்ள பொதுவான வரையறை. நம் உதாரணத்தில் செப்டம்பருக்குப் பதிலாக, முதல் சிகிச்சை முடிந்த நான்காவது வாரத்திலேயே கணவர் மறுபடியும் சேர்ந்திருந்தால், அங்கேயும் சிக்கல் வந்திருக்கலாம்.

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது ‘100 சதவீத ரெஸ்டோரேஷன்’ என்பது மட்டுமே. நிபந்தனை இருப்பது பாலிசி வாசகத்தில். அங்கே அந்தப் பத்தியைத் தேடி, ‘தொடர்பில்லாத’ என்ற சொல் வருகிறதா, அது அதே நபருக்கு மட்டுமா அல்லது எல்லோருக்குமா, முழுத் தொகையும் தீர்ந்தால்தான் நிரம்புமா என்று பாருங்கள். முகவர் வாய்மொழியாகச் சொல்வதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பயன்படுத்தாத நிரம்பிய தொகை அடுத்த ஆண்டுக்குப் பொதுவாகச் சேராது என்பதால், புதுப்பிக்கும்போது அதைக் கணக்கில் வைத்து அடிப்படைத் தொகையைக் குறைத்துவிடாதீர்கள்.