ரூட்டர் பக்கம் திறக்காதபோது: கேட்வே முகவரியைக் கண்டுபிடிப்பது எப்படி

வணக்கம் நேயர்களே.

வைஃபை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று உட்காருகிறோம். ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பினால் ஸ்டிக்கரில் 192.168.1.1 என்று ஒரு முகவரி. அதைப் பிரௌசரில் அடித்தால் பக்கம் வருவதில்லை. சரி, 192.168.0.1 அடித்துப் பார்ப்போம், அதுவும் இல்லை, 10.0.0.1 போட்டுப் பார்ப்போம் என்று ஒவ்வொன்றாக ஊகித்துக்கொண்டே போகிறோம். கடைசியில் ஒரு குண்டூசியை எடுத்து ரீசெட் துளைக்குள் அழுத்துகிறோம்.

இந்த ஊகமே தேவையில்லை என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன். உங்கள் போனுக்கு அந்த முகவரி ஏற்கெனவே தெரியும். வைஃபையில் இணைந்த அந்த நொடியிலேயே ரூட்டர் போனிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறது. ஒன்று, "இது உன் முகவரி". இன்னொன்று, "வெளியே போக வேண்டிய எதையும் இந்த முகவரிக்கு அனுப்பு". இந்த இரண்டாவது முகவரிதான் கேட்வே. பெரும்பாலான வீடுகளில் அது ரூட்டரின் சொந்த முகவரி. அதை அறியாமல் போன் இணையத்தில் ஒரு பக்கத்தைக்கூடத் திறக்க முடியாது. ஆகவே ஸ்டிக்கரைவிடப் போனைக் கேட்பதுதான் நம்பகமானது. ஸ்டிக்கரில் இருப்பது தொழிற்சாலையில் வைத்த முகவரி. போனில் இருப்பது இந்த நிமிடம் நடப்பில் உள்ள முகவரி.

எங்கே பார்ப்பது? ஐபோனில் செட்டிங்ஸுக்குள் வைஃபை போங்கள். நீங்கள் இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் ஆங்கில i எழுத்து இருக்கும். அதைத் தொட்டுக் கீழே வந்தால் Router என்று ஒரு வரி. அதற்கு எதிரே இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் இடம் மாறும். வைஃபை பட்டியலில் உங்கள் பெயருக்கு அருகே உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டு, விவரங்களில் Gateway என்ற சொல்லைத் தேடுங்கள். சில போன்களில் அந்த வரியே தெரியாது. அப்போது பலரும் செய்வது, ஐ.பி. அமைப்பை DHCP என்பதிலிருந்து Static என்று மாற்றி, அங்கே வரும் கேட்வே கட்டத்தைப் பார்ப்பது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கொஞ்சம் கவனியுங்கள். சில போன்களில் அந்தக் கட்டத்துக்குள் மங்கலான சாம்பல் நிறத்தில் 192.168.1.1 என்று தெரியும். அது உங்கள் வீட்டு முகவரி இல்லை, "இந்த மாதிரி நிரப்பு" என்று காட்டும் எடுத்துக்காட்டு. அழுத்தமான எழுத்தில் நிரம்பியிருந்தால் மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, இடைவெளி விடாமல் இந்த ஒரு சொல்லை அடியுங்கள்:

```
ipconfig
```

நிறைய வரிகள் ஓடும். பயப்பட வேண்டாம். Default Gateway என்ற வரியில் ஏதாவது எழுதியிருக்கும் பகுதி எது என்று மட்டும் பாருங்கள். காலியாக விட்ட பகுதிகள் பெரும்பாலும் பயன்பாட்டில் இல்லாத இணைப்புகள். சில வீடுகளில் அந்த வரியில் முதலில் fe80 என்று தொடங்கும் ஒரு நீளமான முகவரி வரும், அதற்கு அடியில் புள்ளிகள் வைத்த முகவரி வரும். நமக்கு வேண்டியது புள்ளி வைத்தது.

மேக்கில் இன்னும் சுலபம். ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே மேலே உள்ள வைஃபை குறியைக் கிளிக் செய்தால் Router என்ற வரி அங்கேயே வந்துவிடும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதை அடிக்கலாம்:

```
ip route
```

அதில் default via என்பதற்கு அடுத்து வருவதுதான் கேட்வே.

இப்போது, முகவரி தப்பாக இருக்கும்போது பிரௌசர் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். பக்கம் வரவில்லை என்றதும் நாம் மூடிவிடுகிறோம். ஆனால் அந்தப் பிழைச் செய்தியை நின்று படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். குரோம் போன்ற பிரௌசர்களில் அடியில் சிறிய எழுத்தில் ERR_CONNECTION_TIMED_OUT என்று இருந்தால், கூப்பிட்டுப் பார்த்தும் எதிர்முனையிலிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். பெரும்பாலும் அந்த முகவரியில் ஆளே இல்லை. ERR_CONNECTION_REFUSED என்று இருந்தால் கதை வேறு. அங்கே ஒரு கருவி இருக்கிறது, பதிலும் சொல்கிறது, ஆனால் "இந்த வாசலில் உனக்குக் காட்டப் பக்கம் எதுவும் இல்லை" என்கிறது. இரண்டும் இல்லாமல் தேடல் முடிவுகள் வந்தால், நீங்கள் அடித்ததைப் பிரௌசர் முகவரியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று என்ற எண்ணுக்குப் பதில் சின்ன எல் எழுத்தை அடித்திருப்பீர்கள், அல்லது ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. சிக்னல் போதவில்லை என்று தனியாக ஒரு ரூட்டர் வாங்கி, அந்தப் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து மாட்டினார்கள். புது ரூட்டரின் ஸ்டிக்கரில் 192.168.1.1. இணையம் நன்றாக வருகிறது, படம் ஓடுகிறது, ஆனால் அட்மின் பக்கம் மட்டும் திறக்கவில்லை. ரூட்டரே பழுது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவுக்கே வந்துவிட்டார்கள்.

பிழைச் செய்தியைப் படிக்கச் சொன்னேன். REFUSED என்று இருந்தது. அப்படியென்றால் 192.168.1.1 என்ற முகவரியில் ஏதோ ஒரு கருவி இருக்கிறது. அடுத்து ipconfig அடிக்கச் சொன்னேன். கணினியின் சொந்த முகவரி 192.168.0.102, Default Gateway 192.168.0.1. அதைப் பிரௌசரில் போட்டதும் புது ரூட்டரின் பக்கம் வந்துவிட்டது.

நடந்தது இதுதான். சுவரில் இருந்த பெட்டியும் 192.168.1.1 என்ற அதே முகவரியைத்தான் வைத்திருந்தது. ரூட்டருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே முகவரி வரிசை இருந்தால், எதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாமல் போகும். அதனால் பல ரூட்டர்கள் இந்த மோதலைக் கண்டதும் தம் உள்முகவரியைத் தாமாகவே மாற்றிக்கொள்ளும். இதுவும் அப்படியே ஒதுங்கிக்கொண்டது. ஸ்டிக்கர் மட்டும் பழையதையே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் "முடியாது" என்று பதில் சொன்னது சுவரில் இருந்த பெட்டி. அதன் பக்கத்தை நிறுவனமே அடைத்து வைத்திருந்தது. அடைக்காமல் விட்டிருந்தால் இன்னும் குழப்பமாகியிருக்கும். ஏதோ ஒரு லாகின் பக்கம் திறக்கும், அதில் புது ரூட்டரின் பாஸ்வேர்டை அடிப்போம், தப்பு தப்பு என்றே வரும். சரியான பாஸ்வேர்டை ஏற்க மறுக்கும் பக்கத்தைப் பார்த்தால், அது எந்தப் பெட்டியின் பக்கம், மேலே எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

சரி, கேட்வே முகவரியைச் சரியாக எடுத்துவிட்டோம், அப்படியும் திறக்கவில்லை என்றால்?

போனாக இருந்தால் முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபையில் இணையம் வரவில்லை என்று தெரிந்தால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வைஃபை குறி மேலே தெரிந்துகொண்டே இருக்கும், ஆனால் நீங்கள் அடித்த முகவரி செல்போன் கோபுரம் வழியாக எங்கோ போய்க்கொண்டிருக்கும். இணையம் கெட்டுப்போன நாளில்தான் ரூட்டர் பக்கம் நமக்கு அவசரமாகத் தேவைப்படும், இதுவும் அன்றைக்குத்தான் நடக்கும். விபிஎன் செயலி ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தால் அதை விட்டுவிட்டு முதன்மை வைஃபைக்கு வாருங்கள். விருந்தினர் வைஃபையிலிருந்து அட்மின் பக்கத்தைத் திறக்க முடியாதபடிதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள்.

அப்புறம், முகவரிக்கு முன்னால் http:// என்று முழுதாக அடித்துப் பாருங்கள். சில பிரௌசர்கள் தாமாகவே பாதுகாப்பான இணைப்புக்கு மாற்றிவிடும். பழைய ரூட்டர்களுக்கு அது தெரியாது. சில புதிய ரூட்டர்களில் நேர்மாறாக https:// மட்டுமே எடுபடும், அப்போது சான்றிதழ் சரியில்லை என்று பிரௌசர் எச்சரிக்கும். ரூட்டர் தானே உருவாக்கிக்கொண்ட சான்றிதழ் என்பதால் வரும் எச்சரிக்கை அது. நீங்கள் உங்கள் வீட்டு வைஃபையில்தான் இருக்கிறீர்கள், முகவரி கேட்வேயோடு ஒத்துப்போகிறது என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

முகவரிக்குப் பதிலாக tplinkwifi.net, routerlogin.net போன்ற பெயரைச் சில நிறுவனங்கள் கொடுப்பதுண்டு. அந்தப் பெயரை ரூட்டரின் முகவரியாக மாற்றிக் கொடுப்பது ரூட்டரேதான். உங்கள் போனில் Private DNS, அதாவது பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் வேறொரு சேவையை, அமைத்திருந்தால் அந்தக் கேள்வி ரூட்டரிடம் போகாமல் வேறெங்கோ போகும், பக்கம் வராது. அந்த நேரத்தில் பெயரை விட்டுவிட்டு முகவரியையே அடியுங்கள்.

கேட்வே வரி காலியாக இருந்து, கணினியின் சொந்த முகவரி 169.254 என்று தொடங்கினால், பிரௌசரை நோண்டிப் பயனில்லை. ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காததால் கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், ரூட்டரை அணைத்துப் போடுங்கள், வைஃபையில் மறுபடி இணையுங்கள். முகவரி மாறி வந்த பிறகு கேட்வேயைப் பாருங்கள்.

கேட்வே முகவரி உதவாத இடமும் ஒன்று உண்டு. இரண்டாவது ரூட்டரை ஆக்ஸஸ் பாயிண்டாக, அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் கருவியாக மாற்றி வைத்திருந்தால், கேட்வே என்று போன் காட்டுவது முதல் ரூட்டரை. இரண்டாவதன் முகவரி வேறு. அதற்கு முதல் ரூட்டரின் அட்மின் பக்கத்துக்குள் போய், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். அங்கே இரண்டாவதன் பெயருக்கு எதிரே அதன் முகவரி இருக்கும். அதைப் பிரௌசரில் அடித்தால் அதன் பக்கம் வரும்.

ரீசெட் துளையைத் தொடும் நிலை வந்தால், அதற்கு முன் இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டு, உங்கள் இணைப்புக்குத் தனிப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தால் அவையும் ரூட்டரிலிருந்து அழிந்துவிடும். பிறகு அட்மின் பக்கம் திறக்கும், இணையம் வராது.

நன்றி, வணக்கம்.